சந்துக் கதவும் ஏழாவது ஷரத்தும்

பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலம். முத்தியால்பேட்டையில் எங்கள் சந்தில் பன்னிரண்டு வீடுகள். உள்ளே போக ஒரு வழி, வெளியே வரவும் அதே வழி. கடைசியில் எல்லோருக்கும் பொதுவான ஒரு கிணறு. அந்தக் கிணற்றடியிலிருந்து ஒரே மாதத்தில் நான்கு பித்தளைக் குடங்கள் காணாமல் போயின. சந்து முனையில் மரக்கதவு போட வேண்டும் என்று பேச்சு எழுந்தது. கதவு வந்ததும் பூட்டு வந்தது. பூட்டு வந்ததும் அதை எப்போது பூட்டுவது, யார் பூட்டுவது என்று சண்டை வந்தது. சண்டையிலிருந்து சங்கம் பிறந்தது. சங்கம் என்று ஒன்று இருந்து, அதற்கு அரசாங்க அனுமதியும் இருந்தால், மேரி என்கிற நகராட்சியில் விண்ணப்பம் போட்டுத் தெருக்குழாயும் வாங்கிவிடலாம் என்று எல்லோரும் ஆசைப்பட்டார்கள். அனுமதிக்கு விதிகள் வேண்டும். விதிகளை எழுதியவர், நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர், சந்தே மரியாதையாக முசியே என்று அழைத்தவர். எங்கள் வீட்டுக்கு எதிர் வீடு.

நான் அந்த வருஷம்தான் படிப்பை முடித்து பத்திரம் எழுதிப் பதியும் ஒரு நொத்தேரின் அலுவலகத்தில் நகல் எடுக்கும் வேலையில் சேர்ந்திருந்தேன். எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் அதில் யாரோ யாரையோ ஏமாற்றுகிறார்கள் என்று தோன்றும் வயது. முசியே வரைவைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தபோதே எனக்குள் ஒரு மணி அடித்தது.

"பிரெஞ்சுல ரெண்டு நகல், தமிழ்ல ரெண்டு நகல். உன் எழுத்து நல்லா இருக்கும்னு உங்க அப்பா சொன்னாரு."

"படிச்சுப் பாத்துட்டு எழுதலாமா ஐயா?"

"படிக்காம எப்படிப்பா நகல் எடுப்ப?" என்றார். அவர் கண்ணாடிக்குப் பின்னால் சிரித்தாரா என்று இன்றுவரை தெரியாது.

இருபத்திரண்டு ஷரத்துகள். இரண்டு இரவும் ஒரு பகலும் அதிலேயே கிடந்தேன். எத்தனை ஓட்டைகள்! ஐந்தாவது ஷரத்தில் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஓர் ஓட்டு. பதினாறாவதில் வீடு ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓட்டு. எது சரி? ஏழாவதில், இரவு ஒன்பதுக்குக் கதவு பூட்டப்படும், அதன்பின் திறப்பவர் மூன்றுமுறை மீறினால் சந்தில் குடியிருக்கும் உரிமையை இழப்பார். பன்னிரண்டாவதில், நோய், பிரசவம், மரணம் ஆகியவற்றின்போது யாருடைய போக்குவரத்தையும் தடுக்கக் கூடாது. ஏழாவது பெரிதா, பன்னிரண்டாவது பெரிதா? ஒரு வரியும் இல்லை.

இவற்றைவிடப் பெரிய ஓட்டை ஒன்று. நான்காவது ஷரத்துப்படி சங்கத்தில் வீட்டுச் சொந்தக்காரர்கள் மட்டும்தான் உறுப்பினர்கள். குடித்தனக்காரர்கள் கிடையாது. உறுப்பினராக இல்லாதவரைச் சங்கம் எப்படித் தண்டிக்கும்? அதுவும் வீட்டைவிட்டு வெளியேற்றும் தண்டனை! நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல், நீதிமன்றச் சேவகன் வந்து நிற்காமல், யாரையும் ஒரு வீட்டிலிருந்து வெளியேற்ற முடியாது என்பது எங்கள் அலுவலகத்தில் மை ஊற்றும் ஆளுக்குக்கூடத் தெரியும். முப்பது வருஷம் நீதிமன்றத்தில் உட்கார்ந்து எழுதினவருக்கா தெரியாது?

தெரியாமல் இருக்க வழியே இல்லை. அப்படியானால் இது சூழ்ச்சி. முசியே யாருக்காகவோ எழுதியிருக்கிறார். யாருக்காக என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு வெகுநேரம் ஆகவில்லை. சந்தில் ஐந்து வீடுகள் ஜவுளிக்கடை முதலாளிக்குச் சொந்தம். ஒன்றில் அவர் இருந்தார், நான்கை வாடகைக்கு விட்டிருந்தார். சாயங்காலங்களில் முசியேயும் முதலாளியும் கதவோரம் நின்று பேசுவதை நானே பார்த்திருக்கிறேன். ஓட்டுக் குழப்பத்தை வைத்துக்கொண்டு இவர்கள் பின்னால் எதையோ நுழைக்கப் போகிறார்கள்! நகல் எடுப்பவன் கையில் இது மாட்டும் என்று எதிர்பார்க்கவில்லை போலும்.

நான் நகல் எடுக்கவில்லை. திருத்தினேன்.

ஏழாவதோடு முட்டாதபடி பன்னிரண்டாவதுக்கு "இச்சந்தில் வசிப்பவரின் நோய், பிரசவம், மரணம்" என்று எல்லை வகுத்தேன். வீட்டுக்கு ஓர் ஓட்டு என்று முடிவு கட்டினேன். பெரிய ஓட்டைக்கு நொத்தேர் அலுவலகத்தில் கற்ற வித்தையைக் காட்டினேன்: ஒவ்வொரு குடித்தனக்காரரும் இவ்விதிகளைத் தம் வாடகைப் பத்திரத்தின் பகுதியாக ஏற்றுக் கையெழுத்திட வேண்டும், கையெழுத்திடாதவருக்குக் கிணறும் கதவுச் சாவியும் இல்லை. இனி மூன்றுமுறை கதவைத் திறந்தால் அது வாடகை ஒப்பந்தத்தையே மீறியதாகும். வீட்டுக்காரர் நீதிமன்றத்துக்குப் போகலாம். பல்லில்லாத தண்டனைக்குப் பல் கட்டிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தபின் பக்கத்துப் பாடசாலை வகுப்பறையில் முதல் கூட்டம். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்கால் முகவாயைத் தொட எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். முசியே வாத்தியார் நாற்காலியில். நான் எழுந்து ஓட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். முதலாளி முகத்தையே பார்த்துக்கொண்டு பேசினேன், மாட்டிக்கொண்டவன் எப்படி விழிப்பான் என்று பார்க்க.

அவர் விழிக்கவில்லை. குனிந்து பெஞ்சின் மையைச் சுரண்டிக்கொண்டிருந்தவர், குடித்தனக்காரர் கையெழுத்து என்ற இடம் வந்ததும் நிமிர்ந்தார். பிறகு சிரித்தார்.

"அடடா! படிச்ச புள்ளன்னா இதுல்ல படிச்ச புள்ள. முசியே, நீங்க முப்பது வருஷம் என்னாத்த எழுதினீங்க?"

முசியே கண்ணாடியைத் துடைத்தார். "எழுதினத எழுதினேன்" என்றார்.

நான் பிடிக்கப் போனவர் என்னைத் தட்டிக்கொடுக்கிறார். ஆனால் அதைப் பற்றி யோசிக்க நேரம் எங்கே? எல்லோரும் கை தட்டினார்கள். திருத்தங்களோடு சேர்த்து அடுத்த ஞாயிறு ஏற்றுக்கொள்வது என்றும், அதற்குள் குடித்தனக்காரர்களிடம் ஒப்புதல் தாளைக் கொடுத்துவிடுவது என்றும் முடிந்தது.

புதன்கிழமை மாலை மருத்துவச்சியம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். நான்காவது வீட்டில் முதலாளியிடம் வாடகைக்கு இருந்தவர். ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்று, பிறகு தனியாகத் தொழில் செய்துவந்தவர். நாற்பது வயதுக்கு மேல். தனியாக இருந்தார். கையில் நான் எழுதிய ஒப்புதல் தாள்.

"தம்பி, இத நீதான் எழுதினியாமே?"

"ஆமாம்மா."

"நல்லா எழுதியிருக்க. ஒரே ஒரு சந்தேகம். மூலக்குளத்துல ஒருத்திக்கு நோவு கண்டா, ஒம்பது மணிக்கு முன்னாடி பெத்துடுன்னு நான் சொல்லணுமா, இல்ல நீ வந்து சொல்றியா?"

உள்ளே அம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அதுக்குத்தான் பன்னெண்டாவது ஷரத்து..." என்று தொடங்கினேன். அதைச் சொல்லும்போதே நானே எழுதிய வார்த்தைகள் நினைவுக்கு வந்தன. இச்சந்தில் வசிப்பவரின் பிரசவம். எங்கள் சந்தில் வருஷத்துக்கு ஒரு பிரசவம் நடந்தால் அதிகம்.

"மாசத்துக்குப் பத்து நாளாவது ராத்திரியில கதவத் தொறந்து போறேன். மொதல் வாரத்துலயே மூணு தடவ ஆயிடும். முதலாளி எழுதிக் குடுத்த வாடகைப் பத்திரம் எங்கிட்ட இருக்கு, இன்னும் மூணு வருஷம். அவருக்கு அந்த வீடு வேணும், கடைச் சரக்கு வைக்க. ரெண்டு வருஷமா கேட்டுப் பாத்துட்டாரு. பத்திரம் இருக்குன்னு நான் நகரல." தாளை என் மேஜைமேல் வைத்தார். "இதுல கையெழுத்துப் போட்டா பத்திரம் போச்சு. போடலன்னா தண்ணி போச்சு. தண்ணி இல்லாம என் தொழில் நடக்குமா? துணி அலசணும், கருவியெல்லாம் கொதிக்க வைக்கணும். ரெண்டு பக்கமும் அடைச்சுட்டியே!"

"முசியே எழுதினதுலயும் வீட்டவிட்டுப் போகணும்னுதானம்மா இருந்துச்சு?"

"இருந்துச்சு. ஆனா அத வச்சு என்ன யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. எனக்குக்கூட அது புரிஞ்சுது. உனக்குப் புரியலையா? நல்ல ஓட்டை தம்பி அது. நான் அது வழியாத்தான் போயிட்டு வந்துட்டு இருந்திருப்பேன். ஓடி வந்து அடைச்சுட்ட."

அவர் போனபின் வெகுநேரம் முசியேயின் பழைய வரைவையும் என் திருத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலாளி கடுமையான விதி கேட்டிருப்பார். முசியே கடுமையாகத் தெரிகிற, ஒன்றும் செய்ய முடியாத ஒரு விதியை எழுதிக் கொடுத்திருக்கிறாரா? அல்லது வயதாகிவிட்டது, கைக்கு வந்ததை எழுதினாரா? இரண்டுமே நம்பும்படியாக இருந்தன. எதிர்வீட்டில் அவர் சாப்பிட்டுக் கை கழுவும் சத்தம் கேட்டது. போய்க் கேட்கலாமா என்று எழுந்து, உட்கார்ந்துவிட்டேன். நான் அவரைச் சூழ்ச்சிக்காரர் என்று நினைத்ததை என் முகமே சொல்லிவிடும்.

நகல்கள் என் கையில்தான் இருந்தன. இரண்டு வரியை விட்டுவிட்டு எழுதிக் கொடுத்தால் யாருக்குத் தெரியும் என்று ஒரு யோசனை வந்தது. முதலாளிக்குத் தெரியும். வியாழக்கிழமையே கடையிலிருந்து கணக்கப்பிள்ளையை அனுப்பி, "முதலாளி ஒரு தடவ ஒத்துப் பாக்கணும்னாரு" என்று என் திருத்தத்தை வாங்கிக்கொண்டு போய், அதைப் பார்த்து ஒரு நகல் எடுத்துக்கொண்டார். என்னைச் சந்தேகிக்கத் தொடங்கிவிட்டார். சரியான சந்தேகம்தான்.

ஆகவே கூட்டத்திலேயே எடுக்க வேண்டும். ஆனால் எப்படி? ஓட்டு வந்தால் வீட்டுக்கு ஒன்று. அதையும் நான்தான் எழுதியிருந்தேன். ஐந்து வீடு முதலாளியுடையது. அவர் சொன்னால் மறுக்காத வீடுகள் இரண்டு. பன்னிரண்டில் ஏழு. விரல்விட்டு எண்ணி எண்ணி விரல் வலித்தது. சனிக்கிழமை அலுவலகத்தில் ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்கும்போது நொத்தேர் ஒரு கிராமத்துக்காரரிடம் அலுத்துக்கொண்டார்: கையெழுத்து ஆகாத பத்திரத்தைக் காட்டி நிலத்தில் ஏர் கட்டினால் எப்படி என்று. நான் கையிலிருந்த மை ஒற்றும் தாளைக் கீழே போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. வகுப்பறை வாசலில் வருகைத்தாள் வைத்திருந்தார்கள். "சங்கம் அமைக்கக் கூடியவர்கள்" என்று தலைப்பு. முசியேயின் எழுத்து. உள்ளே வந்த எல்லோரும் அதில் பெயர் எழுதினார்கள்: வீட்டுக்காரர்கள், வளர்ந்த மகன்கள், குடித்தனக்காரர்கள். மருத்துவச்சியம்மாவும் எழுதினார். இருபத்தொரு பெயர்கள்.

நான் எழுந்து, போன வாரம் நான் சேர்த்த இரண்டு திருத்தங்களை எடுத்துவிட வேண்டும் என்றேன். குடித்தனக்காரர் கையெழுத்து ஒன்று. பன்னிரண்டாவதுக்குப் போட்ட எல்லை ஒன்று.

முதலாளி பெஞ்சிலிருந்து எழ முடியாமல் எழுந்தார். "ஏம்பா, நீ எழுதினதுதான? போன ஞாயித்துக்கெழம ஒரு புத்தி, இந்த ஞாயித்துக்கெழம ஒரு புத்தியா? யாரு வந்து ஓதினது?" என்று நான்காவது வீட்டுப் பக்கம் பார்த்தார்.

"நானேதான் தப்பா எழுதிட்டேன்" என்றேன். "பிரசவம் பாக்கப் போறவங்களுக்கு ராத்திரி பகல் கிடையாது. நம்ம கதவு குடம் திருடறவன தடுக்கப் போட்டது."

"திருடன் உள்ள வர, இந்தம்மா தொறந்துட்டுப் போற கதவு போதுமே!"

"போகும்போது பூட்டிட்டுத்தான் போறேன் முதலாளி" என்றார் மருத்துவச்சியம்மா. "குடம் போன நாலு தடவையும் பகல்ல போச்சு. கேட்டுப் பாருங்க."

கிணற்றடி வீட்டுக்காரர் தலையாட்டினார். அவருடையவை இரண்டு குடங்கள்.

"சரி, பேச்சு எதுக்கு? ஓட்டுப் போடுவோம்" என்றார் முதலாளி. "பதினாறாவது ஷரத்துப்படி வீட்டுக்கு ஒண்ணு. முசியே, எண்ணுங்க."

நான் காத்திருந்தது இதற்குத்தான். "பதினாறாவது ஷரத்து இன்னும் ஷரத்தே இல்லீங்க. இன்னிக்கு ஏத்துக்கிட்டாத்தான் அது விதி. அதுவரைக்கும் வெறுந்தாள். விதி இல்லாத எடத்துல வந்தவங்கள எண்ணறத தவிர வேற வழி கெடையாது. வந்தவங்க யாருன்னு வாசல்ல எழுதி வச்சிருக்கு."

"நாலாவதுல குடித்தனக்காரன் உறுப்பினர் இல்லன்னு..."

"அதுவும் இன்னும் வெறுந்தாள்தான்."

எல்லோரும் முசியேயைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவர் எந்தப் பக்கம் என்று எனக்கு அப்போதும் தெரியாது. அவர் வருகைத்தாளை வரவழைத்து, தலைப்பை ஒருமுறை மெதுவாக உரக்கப் படித்தார்.

"அமைக்கக் கூடியவர்கள். இருபத்தொண்ணு. கையத் தூக்குங்க" என்றார்.

எடுத்துவிட வேண்டும் என்பவர்கள் முதலில். முதலாளியின் மற்ற மூன்று குடித்தனக்காரர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் கையைத் தலைவரை தூக்கிச் சொறிந்துவிட்டு இறக்கினார். "அது ஓட்டா, பேன் கடியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பில் அவருக்கும் தைரியம் வந்து கை மறுபடி மேலே போனது. முசியே எண்ணினார். பதினொன்று.

"பொம்பளை ஓட்ட எடுத்துட்டு எண்ணுங்க" என்றார் முதலாளி. "இந்த ஊர்ல எங்கயாவது பொம்பளைக்கு ஓட்டு இருக்கா?"

மருத்துவச்சியம்மா கையை இறக்கவில்லை. "வாடகைப் பத்திரம் என் பேர்ல எழுதினப்ப நான் பொம்பளைன்னு தெரியலையா முதலாளி? மாசா மாசம் ரசீது என் பேர்லதான வருது?"

"அது வேற."

"வேறன்னு இந்தத் தாள்ல இல்ல" என்றார் முசியே. "பேரு இருக்கு. பேர எண்ணறேன். பதினொண்ணு. எதிர்த்தாப்ல இருக்கறவங்க தூக்குங்க. பத்து. எடுத்தாச்சு."

அவ்வளவுதான். முழு விதிகளையும் மறுபடி படித்தபோது முதலாளி உள்பட எல்லோரும் கை தூக்கினார்கள். ஏழாவது ஷரத்து, நீதிமன்றம் ஏற்காத அதன் பயங்கரமான தண்டனையோடு, அப்படியே நின்றது. பன்னிரண்டாவதும் அதற்கு எதிராக அப்படியே நின்றது. இரண்டையும் அருகருகே அழகாக நகல் எடுத்தேன்.

கூட்டம் கலைந்தபின் முசியேயிடம் கேட்டேவிட்டேன். "ஐயா, தெரிஞ்சேதான் அப்படி எழுதினீங்களா?"

"எப்படி?"

"ஒண்ணுக்கொண்ணு முட்டற மாதிரி. தண்டனைய நடத்த முடியாத மாதிரி."

"உனக்கு வயசு என்னா?" என்று கேட்டார். சொன்னேன். "நகல் நாளைக்கு வேணும்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

எனக்கு நிம்மதி கிடைத்ததா என்றால், இல்லை. அன்று சாயங்காலமே விதிகளை இன்னொருமுறை படித்தேன், முதலாளி எந்த வழியாக வருவார் என்று. கிடைத்தது. இருபதாவது ஷரத்து: மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு இருந்தால் விதிகளைத் திருத்தலாம். இப்போது பதினாறாவது உண்மையிலேயே விதியாகிவிட்டது. பன்னிரண்டு வீட்டில் எட்டு வேண்டும். அவரிடம் ஏழு. ஒன்றுதான் குறைவு.

அதை அவரும் படித்திருந்தார் என்பது தீபாவளிக்கு முன்பே தெரிந்தது. கிணற்றடி வீட்டுக்காரர் மகளுக்குச் சேலை பாதி விலைக்குக் கிடைத்தது. கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்கு ஒரு வேட்டி வந்தது. எனக்குக் கடையில் கணக்கு எழுதும் வேலை, நொத்தேர் கொடுப்பதைவிடக் கூடுதல் சம்பளத்துக்கு. "பையன் துடிப்பா இருக்கான்" என்று அப்பாவிடமே சொன்னாராம். எங்கள் வீட்டு ஓட்டு அப்பா கையில் இருந்தது.

"வேலைக்குப் போறியா?" என்று அப்பா கேட்டார்.

"நீங்க எட்டாவது ஓட்டப் போடுவீங்களா?" என்று கேட்டேன்.

அப்பா கோபித்துக்கொண்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கோபம் வேலைக்குப் போகாததற்கா, கேள்விக்கா என்று நான் கேட்கவில்லை. வேட்டியைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். அம்மா அனுப்பினார்.

மூன்று வருஷம் சந்தில் யார் யாருடன் சிரித்தாலும் எண்ணினேன். முதலாளி எந்த வீட்டு வாசலில் நின்றாலும் சன்னல் வழியே பார்த்தேன். வருஷாந்தரக் கூட்டம் வரும்போதெல்லாம் திருத்தம் ஏதாவது வருகிறதா என்று முந்தின வாரமே முசியே வீட்டுக்குப் போய் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். ஒருமுறையும் வரவில்லை. எட்டாவது ஓட்டு கிடைக்கவில்லையா, அல்லது அவரே விட்டுவிட்டாரா என்பதும் தெரியவில்லை. தெருக்குழாயும் வரவில்லை.

பத்திரத்தின் கெடு முடிந்த மாதம் மருத்துவச்சியம்மா கதிர்காமத்தில் இரண்டு அறையும் சொந்தக் கிணறும் உள்ள ஒரு வீட்டைப் பார்த்துக்கொண்டு போனார். வண்டியில் சாமான் ஏற்ற நானும் கைகொடுத்தேன். முதலாளி தன் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய துணி மூட்டைகள் மறுநாளே அந்த வீட்டுக்குள் போயின.